ஹட்டனிலிருந்து ஒரு கறித்தூள் பெட்டி: சந்தைத் தளத்தில் கணக்கா, சொந்த இணையத்தளமா?

ஹட்டன் நகருக்கு அருகில் ஒரு குடும்பத் தொழில். செத்தல் மிளகாய், கொத்தமல்லி, சீரகம் எல்லாம் வறுத்து அரைத்து, 250 கிராம் பொதிகளாக நகரக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். கொழும்பில் வேலை பார்க்கும் மலையகப் பிள்ளைகள் ஊருக்கு வந்து திரும்பும்போது நாலு பொதி கையோடு கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கு அங்கேயே அனுப்பி வைக்கலாமே என்ற எண்ணத்தில்தான் இணைய விற்பனைத் திட்டம் தொடங்குகிறது. அடுத்து வருவது வழக்கமான கேள்வி: டராஸ் போன்ற ஒரு சந்தைத் தளத்தில் விற்பனையாளர் கணக்கு எடுப்பதா, சொந்த இணையத்தளம் போடுவதா?

இது ஒரு மாதிரித் தொழில். கீழே வரும் விலைகளும் கட்டணங்களும் கணக்கு ஓடும் விதத்தைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கூரியர் தரும் விலைப்பட்டியலையும், உங்கள் கணக்கில் தெரியும் கமிஷன் வீதத்தையும் அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி வந்ததும் பலர் கமிஷனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாவை ஏன் அவனுக்குக் கொடுக்க வேண்டும்?" என்கிறார்கள். கறித்தூள் போல விலை குறைந்து எடை கூடிய சாமானில் முடிவைத் தீர்மானிப்பது கமிஷன் அல்ல. கூரியர் கட்டணத்தில் எவ்வளவு உங்கள் தலையில் விழுகிறது, ஒரு பெட்டிக்குள் எத்தனை ரூபாவுக்குச் சாமான் போகிறது, அதே ஆள் மறுபடி வாங்குகிறாரா என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

ஒற்றைப் பொதி

250 கிராம் வறுத்த கறித்தூளின் விலை 650 ரூபா. சரக்கு, அரைப்புக் கூலி, பை, லேபல் எல்லாம் சேர்த்து அடக்கம் 360. கையில் 290 நிற்கிறது.

சந்தைத் தளத்தில் கமிஷனும் பணம் கையாளும் கட்டணமும் சேர்த்து 12 வீதம் என்று வைத்தால் 78 ரூபா போகும். அனுப்பும் உறைக்கு 30. மிச்சம் 182. அனுப்பும் கட்டணத்தை வாங்குபவர் தளத்திடம் கட்டுகிறார். வேறு கடைகளின் சாமானையும் சேர்த்து வாங்கும் பழக்கத்தில் இருப்பதால் அது அவருக்குப் பெரிதாக உறைப்பதில்லை.

அதே பொதியைச் சொந்தத் தளத்தில் விற்றுப் பார்ப்போம். முதல் கிலோவுக்குக் கூரியர் 400 ரூபா, மேலதிகக் கிலோ ஒவ்வொன்றுக்கும் 80 என்று வைத்துக்கொள்வோம். 650 ரூபாப் பொதிக்கு 400 அனுப்பும் கட்டணம் என்று திரையில் தெரிந்ததும் வாங்க வந்தவர் மூடிவிட்டுப் போய்விடுவார். அதனால் பாதியைக் கடை ஏற்று, 200 மட்டும் வாங்குகிறோம். 290இல் உறைக்கு 30, கூரியருக்கு 200 கழித்தால் மிச்சம் 60. புதிய ஆள் ஒருவரைத் தளத்துக்குக் கொண்டுவர முகநூல் விளம்பரத்துக்கு ஓடருக்கு 350 ரூபா செலவானால் அந்த 60 ரூபா மிச்சம் 290 ரூபா நட்டமாக மாறிவிடும். ஒற்றைப் பொதி விற்பனைக்குச் சொந்தத் தளம் உதவாது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பெட்டியாகக் கட்டினால்

ஆகவே ஒரு மாதப் பெட்டி: கறித்தூள் 250 கிராம் இரண்டு, மிளகாய்த்தூள் 200 கிராம் ஒன்று, மிளகுத்தூள் 100 கிராம் ஒன்று. விலை 1,300, 500, 600 எனக் கூட்டி 2,400 ரூபா. அடக்கம் 1,340. கையில் 1,060. தூளின் நிகர எடை 800 கிராம். அட்டைப் பெட்டியும் பைகளும் 160 கிராம் சேர்ந்து 960 கிராமில் நிற்கிறது. ஒரு கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே மிளகாய்த்தூளை 250க்குப் பதில் 200 கிராமாக வைத்திருக்கிறோம்.

தராசு 960 காட்டினாலும் போதாது. சில கூரியர்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, அந்த எண் நிஜ எடையை விடக் கூடினால் அதற்கே கட்டணம் எடுப்பார்கள். 25 × 18 × 12 பெட்டி 1.08 கிலோவாகிவிடும். அதையே 24 × 17 × 12 என்று வாங்கினால் 0.98. நீளத்திலும் அகலத்திலும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் குறைத்ததால் பெட்டிக்கு 80 ரூபா மிச்சம். அட்டைப் பெட்டிகளை ஐந்நூறு, ஆயிரம் என்று அடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களே அதிகம்.

இப்போது நூறு ஓடர். எல்லாம் புதிய ஆட்கள், எல்லாம் பொருளைக் கையில் வாங்கும்போது காசு கொடுக்கும் முறை. இதில் பத்துப் பேர் வாங்க மறுக்கிறார்கள், அல்லது தொலைபேசியை எடுப்பதில்லை என்று கொள்வோம்.

சந்தைத் தளத்தில் கமிஷன் 288, பெட்டிச் செலவு 70 போக ஓர் ஓடருக்கு 702 ரூபா. 90 ஓடருக்கு 63,180. திரும்பி வந்த பத்துக்கும் பெட்டிச் செலவு 700 போனால் 62,480. கேட்ட ஓடர் ஒன்றுக்கு ஏறக்குறைய 625 ரூபா. வாங்குபவர் மறுத்த ஓடருக்குப் போக்குவரத்துச் செலவு விற்பனையாளர் மேல் விழாது என்ற ஊகத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. கணக்குத் திறக்கும்போது ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரியும் இதுதான். கமிஷன் வீதம் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கும். திரும்பிய சரக்கின் கட்டணம் உள்ளே எங்கோ இருக்கும்.

சொந்தத் தளத்தில் பெட்டிச் செலவு 70, கூரியரில் நம் பங்கு 200 போக ஒப்படைத்த ஓடருக்கு 790. 90 ஓடருக்கு 71,100. திரும்பி வரும் ஒவ்வொன்றுக்கும் போன கட்டணம் 400, திரும்பி வரும் கட்டணம் அதில் பாதி 200, பெட்டி 70, ஆக 670 ரூபா நட்டம். பத்துக்கு 6,700. விளம்பரம் 35,000. கடைசியில் நிற்பது 29,400. ஓடருக்கு 294 ரூபா. மறுப்பவர்கள் பத்திலிருந்து இருபதாகக் கூடினால் சந்தைத் தளத்தில் 625 என்பது 548 ஆகும். சொந்தத் தளத்திலோ 294 என்பது 148 ஆகிப் பாதியாகிவிடும். புதிய ஆளிடம் விற்பதில் சொந்தத் தளம் தோற்கும் இடம் இதுதான். தளத்தின் அழகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மறுபடி வாங்குபவர்

இரண்டாம் முறை வாங்குபவருக்கு விளம்பரம் தேவையில்லை. ருசி தெரிந்தவர் மறுப்பதும் குறைவு. நூறில் மூன்று பேர் என்று வைப்போம். சொந்தத் தளத்தில் 97 × 790 கழித்தல் 3 × 670, அதாவது 74,620. ஓடருக்கு 746. அதே ஆள் சந்தைத் தளத்திலேயே மறுபடி வாங்கியிருந்தால் ஓடருக்கு 679. வித்தியாசம் 67 ரூபாதான்.

288 ரூபாக் கமிஷனைத் தப்பவைத்ததாக நினைத்தோம். அதில் 200ஐக் கூரியர் எடுத்துக்கொண்டார். தளத்துக்கு முகவரி, ஹோஸ்டிங், அவ்வப்போது பழுது பார்ப்பவருக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 60,000 ரூபா, மாதத்துக்கு 5,000 என்று கொண்டால், அந்தச் செலவை எடுக்கவே மாதம் 75 பழைய வாடிக்கையாளர் ஓடர் வேண்டும்.

மாத நிலைச்செலவு ÷ (சொந்தத் தளத்தில் ஓடருக்கு மிச்சம் − சந்தைத் தளத்தில் ஓடருக்கு மிச்சம்) = தேவையான ஓடர்கள்

இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டால் போதும். இனி ஒவ்வொரு மாற்றத்தையும் இதில் போட்டுப் பார்க்கலாம். சந்தைத் தளம் தன் மொத்தப் பிடிப்பை 12இலிருந்து 18 வீதமாக உயர்த்தினால் வித்தியாசம் 67 என்பது 207 ஆகும். தேவையான ஓடர் 75இலிருந்து 25ஆக இறங்கும். அதனால் கட்டண மாற்ற அறிவித்தல் வரும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

இன்னொரு மாற்றம் நம் கையிலேயே இருக்கிறது: பெட்டியைப் பெரிதாக்குவது. கொழும்பில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நாலு பேர், அல்லது இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கும் குடும்பம், இரட்டைப் பெட்டி எடுத்தால் விலை 4,800, கையில் 2,120. எடை 1.92 கிலோ, கூரியர் 480. வாங்குபவர் தருவது அதே 200. இரட்டைப் பெட்டிக்கு அட்டைச் செலவு 100. வங்கியில் முன்கூட்டியே பணம் போட்டால் மட்டுமே இரட்டைப் பெட்டி என்று விதி வைத்தால் மறுப்பு என்ற பேச்சே இல்லை. மிச்சம் 1,740. சந்தைத் தளத்தில் இதே ஓடருக்கு 576 கமிஷன் போக 1,444. வித்தியாசம் 296 ரூபா. 5,000ஐ 296ஆல் வகுத்தால் மாதம் 17 ஓடர். எழுபத்தைந்து எங்கே, பதினேழு எங்கே.

இந்தக் குடும்பத்துக்குச் சொந்தத் தளம் வேண்டுமா என்ற கேள்வி இப்போது குறுகிவிட்டது: மாதத்தில் பதினேழு பேர் இரட்டைப் பெட்டியை முன்பணத்துக்கு வாங்குவார்களா?

பணம் வரும் வழி

இலங்கைக் கணக்குக்கு பேபால் மூலம் பணம் பெற முடியாது. ஸ்ட்ரைப், ஷொப்பிஃபை பேமெண்ட்ஸ் இரண்டும் இலங்கை வணிகங்களுக்கு இல்லை. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தளம் போடுபவர்கள் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு இந்த இடத்தில் வந்து முட்டுகிறார்கள். அட்டை மூலம் பணம் வாங்க பேஹியர் போன்ற உள்ளூர் நுழைவாயில் வேண்டும், அல்லது வங்கியிடம் நேரே கேட்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக வியாபாரப் பெயர்ப் பதிவு கேட்பார்கள், அதே பெயரில் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் பதிவை முடித்த பிறகே தளம் கட்டுபவரிடம் போவது நல்லது.

வங்கி மாற்றல் எளிது. ஆனால் வட்ஸ்அப்பில் வரும் ரசீதுப் படத்தை நம்பிப் பெட்டியை அனுப்பக் கூடாது. பழைய ரசீதில் திகதியை மாற்றி அனுப்புவது ஐந்து நிமிட வேலை. கணக்கில் தொகை ஏறியதை வங்கிச் செயலியில் பார்த்த பிறகே கூரியர் சீட்டு எழுத வேண்டும். ஓடர் எண்ணைப் பரிமாற்றக் குறிப்பில் போடச் சொன்னால், ஒரே தொகையில் இரண்டு பேர் பணம் போட்டாலும் குழப்பம் வராது.

பணம் எந்த நாளில் கைக்கு வரும் என்பதையும் பார்க்க வேண்டும். மாதம் நூறு பெட்டி போனால் அடக்கமும் பெட்டிச் செலவுமாக மாதத்துக்கு 1,41,000 ரூபா வெளியே போகிறது. ஒப்படைத்து, சந்தைத் தளம் தன் சுழற்சியில் கணக்குத் தீர்த்து, வங்கிக்கு வர இரண்டு வாரம் எடுத்தால் எந்த நேரமும் சுமார் 70,000 ரூபா முடங்கியிருக்கும். கூரியர் வசூலித்துத் தரும் காசும் உடனே வருவதில்லை. மிளகாய் வியாபாரியோ கையில் காசு கேட்பார். முன்பண இரட்டைப் பெட்டியில் இந்த முடக்கம் இல்லை என்பது அந்த 296 ரூபாவுக்கு மேலே கிடைக்கும் லாபம்.

லேபலில் விலையும் பெயரும்

சந்தைத் தளத்தில் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கமிஷனை வாங்குபவர் மேல் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது இந்நாட்டில் குற்றம், இணையத்திலும் அப்படித்தான். 600 என்று அச்சடித்துவிட்டு டராஸில் 650க்கு விற்க முடியாது. ஆகவே கமிஷனைத் தாங்கும் விலையையே பொதியில் அச்சிட்டு, சொந்தத் தளத்தில் வேண்டுமானால் கழிவு கொடுக்க வேண்டும். நகரக் கடைக்காரர்களிடமும் பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் 650க்கு விற்கும் பொதியை இணையத்தில் 550க்குப் போட்டால் அடுத்த தடவை சரக்கு எடுக்க மாட்டார்கள்.

சந்தைத் தளப் பெட்டிக்குள் "அடுத்த தடவை எங்கள் தளத்தில் வாங்குங்கள், 10 வீதம் கழிவு" என்று ஒரு துண்டு போடலாமா? வாங்குபவரைத் தளத்துக்கு வெளியே இழுப்பதைச் சந்தைத் தளங்கள் பொதுவாகத் தடை செய்கின்றன. புகார் வந்தால் கணக்கு முடங்கும், அதோடு தீர்க்காத பணமும் நிற்கும். வாங்குபவரின் தொலைபேசி எண்ணை எடுத்து வட்ஸ்அப் அனுப்புவதும் அதே வகை. ஆனால் உணவுப் பொதியின் லேபலில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் எப்படியும் இருக்க வேண்டும். சொந்தப் பெயரைத் தெளிவான எழுத்தில், தேடினால் கிடைக்கும் எழுத்துக்கூட்டலில் அச்சிட்டால் அதுவே போதும். ருசி பிடித்தவர் பெயரைத் தட்டித் தேடி வருவார். அப்படி வருபவருக்காகவாவது பெயரைத் தளத்திலும் முகநூலிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஓர் இடத்தில் "தூள்", இன்னோர் இடத்தில் "பவுடர்" என்றிருந்தால் தேடுபவர் வேறு யாரிடமோ போய்விடுவார்.

மலையின் சில சங்கடங்கள்

சந்தைத் தளம் ஓடர் வந்த பின் இத்தனை நேரத்துக்குள் சரக்கை ஒப்படைக்க வேண்டும் என்று கெடு வைக்கும். தாமதம் புள்ளியாகக் கணக்கில் ஏறும், பிறகு தேடலில் பொருள் கீழே இறங்கும். வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் வசதி உங்கள் பகுதிக்கு உண்டா, இல்லையென்றால் ஒப்படைக்கும் இடம் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்குத் திறக்குமுன் கேளுங்கள். தோட்டத்திலிருந்து நகருக்கு முச்சக்கரவண்டியில் போய்வர 600 ரூபா என்றால், ஒரு நாளைக்கு இரண்டு ஓடர் மட்டும் வரும் காலத்தில் ஓடருக்கு 300 அதிலேயே போய்விடும். மேலே போட்ட கணக்கில் இது இல்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் அனுப்பலாம் என்று சொந்தத் தளத்தில் எழுதி வைக்கலாம். சந்தைத் தளத்தில் அந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

மண்சரிவில் வீதி மூடும் நாட்களுக்கும் இதே பிரச்சினை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகள் பல இடங்களில் அறுந்தன. அப்படி எச்சரிக்கை வந்தவுடன் கணக்கை விடுமுறை நிலைக்கு மாற்றிவிட வேண்டும். ஓடர்களை வாங்கிக் குவித்துக்கொண்டு பிறகு இரத்துச் செய்வதுதான் மிக மோசமான வழி.

வாங்குபவர் தோட்டத்தில் இருந்தால் முகவரியே ஒரு வேலை. தோட்டம், டிவிசன், லய எண் இல்லாமல் பெயரையும் ஊரையும் மட்டும் போட்டால் கூரியர் தம்பி நகரச் சந்தியில் நின்று தொலைபேசி எடுப்பார். மலை மறைவில் சிக்னல் இல்லையென்றால் அது திரும்பிய பெட்டி, 670 ரூபா. சந்தைத் தளத்தின் முகவரிப் படிவத்தை நாம் மாற்ற முடியாது. சொந்தத் தளத்தில் "தோட்டமும் டிவிசனும்", "இரண்டாவது தொலைபேசி எண்", "நகரில் வாங்கக்கூடிய கடை" என்று மூன்று பெட்டிகளைச் சேர்க்கலாம். சொந்தத் தளத்துக்கு உண்மையான அனுகூலம் ஒன்று உண்டென்றால் இதைச் சொல்லலாம்.

இன்னொரு சின்ன விஷயம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது. அங்கே உப்பலாக மூடிய பை கொழும்புக்கு இறங்கும்போது காற்றழுத்தம் கூடி உள்ளே சூம்பிப்போகும். படத்தில் புடைப்பாகவும் கையில் சப்பையாகவும் இருந்தால் "காற்றுப் போன பொதி" என்று ஒரு நட்சத்திரம் விழும். காற்றை வெளியேற்றித் தட்டையாக மூடி, அந்தத் தட்டைப் பொதியையே படம் எடுத்துப் போடுங்கள். ஈரப்பதன் வேறு. மூடுபனி இறங்கும் காலையில் பொதி கட்டினால் தூள் கட்டிபிடிக்கும். அலுமினியத் தகடு உள்ள பை, உச்சி வெயிலுக்குப் பிறகு கட்டும் வேலை, இரண்டும் வேண்டும்.

மூன்று மாதத் திட்டம்

முதல் மூன்று மாதம் சந்தைத் தளம் மட்டும். ஒற்றைக் கறித்தூளும் மாதப் பெட்டியும் என இரண்டே பொருள். விற்பனைத் திருவிழாக்களில் சேர அழைப்பு வரும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 வீதக் கழிவை நாமே ஏற்றால் 240 போகும், 2,160 மேல் கமிஷன் 259, பெட்டி 70, மிச்சம் 702க்குப் பதில் 491. புதிய ஆளைக் கொண்டுவரும் 211 ரூபா விளம்பரம் என்று பார்த்தால், 350ஐ விட மலிவு. ஆனால் பழைய ஆட்களும் அந்த நாளுக்காகக் காத்திருந்து வாங்கத் தொடங்கினால் அது விளம்பரம் அல்ல, விலைக்குறைப்பு. அதனால் வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

இந்த மூன்று மாதத்தில் ஒரு கொப்பியில் ஐந்து நிரல் எழுத வேண்டும்: திகதி, ஓடரின் தொகை, அனுப்பிய ஊர், திரும்பியதா, அதே பெயர் முன்பு வந்ததா. கடைசி நிரல்தான் முக்கியம். அதே வேளை நகரக் கடைகளிலும் ஊர்ப் பழக்கத்திலும் கேட்பவர்களுக்கு வட்ஸ்அப் பட்டியல் மூலம், வங்கி முன்பணத்துக்கு, இரட்டைப் பெட்டியை விற்றுப் பார்க்கலாம். இதற்கு இணையத்தளம் எதுவும் வேண்டாம். தொலைபேசியும் கூரியர் கணக்கும் போதும். இது சந்தைத் தளத்திலிருந்து இழுத்த ஆட்கள் அல்ல என்பதால் விதிமீறலும் இல்லை.

பெயரை மட்டும் முதல் மாதமே பதிவு செய்துவிடுங்கள். .lk முகவரிக்கு வருடத்துக்குச் சிறு தொகைதான், பின்னால் இன்னொருவர் எடுத்துவிட்டால் லேபல் எல்லாம் மாற்ற வேண்டி வரும். ஹோஸ்டிங்கும் தளமும் அப்போது வேண்டாம். மூன்றாம் மாத முடிவில் வட்ஸ்அப் வழியாக இரட்டைப் பெட்டி மாதம் பதினேழைத் தொட்டிருந்தால் நாலாம் மாதம் தளம் கட்டலாம். எட்டு, பத்தில் நின்றால் வட்ஸ்அப்பே போதும், முகவரியை அந்தப் பட்டியலுக்குத் திருப்பி விடலாம். இரண்டு, மூன்றுதான் என்றால் மக்கள் ஒற்றைப் பொதியாகத்தான் வாங்க விரும்புகிறார்கள் என்று அர்த்தம். அந்த நிலையில் இந்தக் குடும்பம் சந்தைத் தளத்திலேயே இருந்து, தளத்துக்கு வைத்த 60,000 ரூபாவில் தகடுப் பை மூடும் நல்ல இயந்திரம் ஒன்றை வாங்குவதே சரி.